ஒன்பதாவது விடை

தொலைபேசி மணி அடிக்கிறது. மறுமுனையில் ஒருவர் எடுக்கிறார். யார் முதலில் பேசுவார்? எடுத்தவர்தான். சொல்ல விஷயம் இருப்பது கூப்பிட்டவரிடம். காசு செலவழித்தவரும் அவரே. ஆனாலும் எடுத்தவர் வாயிலிருந்து ஒரு "ஹலோ" வரும்வரை அவர் வாயைத் திறப்பதில்லை.

1960களில் எம்மானுவேல் ஷெக்லாஃப் என்ற அமெரிக்க சமூகவியலாளர் இப்படிப்பட்ட தொடக்கங்களைச் சேகரித்தார். ஒரு பேரிடரை ஒட்டிய நாட்களில் ஒரு போலீஸ் அலுவலகத்தில் பதிவான ஏறத்தாழ 500 அழைப்புகள் அவர் கையில் இருந்தன. எடுத்தவரே முதலில் பேசுகிறார் என்று விதி எழுதிப் பார்த்தார். எல்லாம் பொருந்தின, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில், போலீஸ்காரர் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கூப்பிடுகிறார். ரிசீவரை எடுக்கும் ஓசை கேட்கிறது. பிறகு ஒரு விநாடி எதுவுமில்லை. அடுத்து, கூப்பிட்ட போலீஸ்காரரே "ஹலோ" என்கிறார். அதற்குப் பிறகுதான் எதிர்முனை தன்னை இன்னார் என்று சொல்கிறது.

500ல் ஒன்று தவறினால் என்ன என்று அவர் விடவில்லை. அந்த ஒன்றையும் சேர்த்து விளக்குகிற விதி கிடைக்கும்வரை தேடினார். 1968ல் வெளியான கட்டுரையில் அவர் சொன்ன பதில் இது: தொலைபேசி உரையாடலில் முதல் பேச்சு "ஹலோ" அல்ல, மணியோசை. மணி அடிப்பது ஒருவரைக் கூப்பிடுவது. "ஹலோ" என்பது அந்தக் கூப்பிடலுக்கு "ம், சொல்லு" என்று வரும் பதில். விதிவிலக்காகத் தெரிந்த அழைப்பில் மணிக்குப் பதில் வரவில்லை. ஆகவே போலீஸ்காரர் மறுபடி கூப்பிட்டார், இந்தமுறை வாயால். அவர் விதியை மீறவில்லை, அதன்படியே நடந்தார்.

இதே காட்சியை எந்த வீட்டிலும் பார்க்கலாம். கூடத்திலிருந்து மகன் "அம்மா!" என்கிறான். பதில் இல்லை. "வண்டிச் சாவி எங்கே?" என்று அவன் தொடர்வதில்லை. குரலை உயர்த்தி "அம்மாஆ!" என்கிறான். அதற்கும் பதில் இல்லாவிட்டால் எழுந்து அடுப்படிக்குப் போகிறான். "என்னடா?" என்று ஒரு குரல் வந்த பிறகுதான் சாவியின் பேச்சு எழும்.

முதல் பாதியும் மறுபாதியும்

கூப்பிட்டால் ஏன் என்பது, கேட்டால் சொல்வது, வணக்கத்துக்கு வணக்கம், "போயிட்டு வரேன்" என்றால் "போயிட்டு வாங்க." பேச்சு இப்படி இரண்டிரண்டாகப் பிணைந்து வருவதை ஷெக்லாஃபும் அவருடைய நண்பர் ஹார்வி சாக்ஸும் 1973ல் வரையறுத்தார்கள். இரண்டு பேச்சுகள், இரண்டு ஆட்கள், ஒன்று முன்னும் மற்றது பின்னும், முன்னதன் வகைக்கு ஏற்ற பின்னது. இதை இந்த அத்தியாயத்தில் பேச்சிணை என்று அழைப்போம்.

இரண்டு பாதிகளும் ஒட்டியே வரவேண்டும் என்பதில்லை. காபிக் கடையில் ஒருவர் "ரெண்டு காபி" என்கிறார். "சர்க்கரை போட்டா?" என்று கேள்வி வருகிறது. "ஒண்ணுல வேணாம்." "சரி." கேட்டதற்கான "சரி" நான்காவதாகத்தான் வந்தது. நடுவில் ஒரு முழு இணை நுழைந்து போயிருக்கிறது. ஆனாலும் கேட்டவருக்குக் கோபம் இல்லை. சர்க்கரைக் கேள்வி தம் காபிக்கான ஏற்பாடு என்று அவருக்குத் தெரியும். முதல் பாதி திறந்த கணக்கு, மறுபாதி வந்து தீர்க்கும்வரை திறந்தே கிடக்கிறது.

இந்தத் திறந்த கணக்கைத் தந்திரமாகக் கடத்திவிடவும் முடியும். சாக்ஸ் 1963, 64 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்தார். எடுப்பவர் தன் பெயரைச் சொன்னால், கூப்பிட்டவரும் பெரும்பாலும் தன் பெயரைச் சொன்னார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கவே தேவைப்படவில்லை. ஆனால் ஒருவர் தன் முறை வந்ததும் "சரியா கேக்கலைங்க" என்றார். ஊழியர் மீண்டும் தன் பெயரைச் சொன்னார், இவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். பெயர் சொல்லவேண்டிய இடம் அதற்குள் கடந்துவிட்டது. அவர் மறுக்கவும் இல்லை, சும்மா இருக்கவும் இல்லை. அந்த இடத்தை வேறொன்றால் நிரப்பினார், அவ்வளவுதான். சாக்ஸின் ஆய்வு அந்தக் "கேக்கலைங்க"விலிருந்து தொடங்கியது.

இல்லாததை எப்படிக் காண்பது?

ஓர் அறிவியலாளர் இங்கே ஒரு சிக்கலைச் சந்திக்கிறார். "பதில் வரவில்லை" என்று எழுதுகிறோம். அந்த நொடியில் பாட்டும் வரவில்லை, தும்மலும் வரவில்லை, வராதவை எண்ணற்றவை. அவற்றில் பதிலை மட்டும் எடுத்து "காணவில்லை" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

பேசுபவர்களே அதைக் காணவில்லை என்று காட்டுவதுதான் சான்று. ஆங்கில உரையாடல் ஆய்வில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஒரு பதிவு இருக்கிறது. ஒரு குழந்தை தாயிடம், இவற்றை வெட்டவேண்டும் என்ற பொருளில் ஒன்றைச் சொல்கிறது. 1.3 விநாடி மௌனம். குழந்தை, "அப்படித்தானே அம்மா?" என்பதுபோல் ஒட்டுக் கேள்வி ஒன்றைச் சேர்க்கிறது. 1.5 விநாடி மௌனம். மூன்றாம் முறை "அம்மா"வும் விடுபட்டு, வெறும் ஒட்டுக் கேள்வி மட்டும் வருகிறது. அப்போது தாய் ஆமாம் என்கிறாள்.

ஒவ்வொரு முறையும் கேள்வி சுருங்குவதைப் பாருங்கள். தாயின் காதில் விழவில்லை என்று குழந்தை நினைத்திருந்தால் முழு வாக்கியத்தையும் திரும்பச் சொல்லியிருக்கும். வாலை மட்டும் சொல்கிறது. அதாவது, உனக்குக் கேட்டுவிட்டது, பதில்தான் பாக்கி என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. திரும்பக் கேட்கும் விதத்திலேயே மௌனத்துக்கான காரணம் பற்றிய கணிப்பு அடங்கியிருக்கிறது. முழுதாகக் கேட்டால், கேட்கவில்லை என்ற கணிப்பு. சுருக்கிக் கேட்டால், சொல்லவில்லை என்ற கணிப்பு.

கல்யாண வீட்டில் எழும் பழைய மனத்தாங்கலும் இந்த வகைதான். "வாசல்ல நின்னுட்டிருந்தார், வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை." அந்த வாசலில் அவர் சொல்லாத வார்த்தைகள் ஆயிரம் இருக்கும். ஆனால் வீட்டுக்காரர் நிற்கும் இடத்தில், விருந்தாளி படியேறும் கணத்தில், வராமல்போனதாகக் கணக்கில் ஏறுவது அந்த ஒரு வார்த்தை.

ஒரு மாத்திரைக்குள்

மௌனம் எவ்வளவு நீண்டால் மௌனம்? 2009ல் வெளியான ஓர் ஆய்வு, உலகின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த 10 மொழிகளில் ஆம் அல்லது இல்லை என்று பதில் வேண்டும் கேள்விகளை எடுத்து, கேள்வி முடிந்து பதில் தொடங்கும்வரை உள்ள இடைவெளியை அளந்தது. சராசரி ஏறத்தாழ 0.2 விநாடி. தமிழ் இலக்கணம் மாத்திரைக்குச் சொல்லும் அளவு கண்ணிமைப்பதும் விரல் நொடிப்பதும் அல்லவா? பதில்கள் ஏறத்தாழ அந்த அளவுக்குள் வந்து விழுகின்றன. ஜப்பானிய மொழியில் இடைவெளி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மிக மெதுவான டேனிஷ் மொழியிலும் அரை விநாடியைத் தாண்டவில்லை.

இது வியப்பானது. ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், வாய் திறக்கவே 0.6 விநாடி ஆகும். அப்படியானால் 0.2 விநாடியில் பதில் சொல்பவர், கேள்வி முடியும் முன்பே பதிலைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கவேண்டும். ஜப்பானிய மொழி, தமிழ்போலவே, வினைச்சொல்லையும் வினாக்குறியையும் வாக்கியத்தின் கடைசியில் வைக்கிற மொழி. "வருவியா" என்பதில் கடைசி "ஆ" விழும்வரை அது கேள்வி என்பது உறுதியில்லை. இருந்தும் அவர்கள்தான் முந்துகிறார்கள். கேட்பவர் காத்திருப்பதில்லை, ஊகித்துக்கொண்டே இருக்கிறார்.

இந்த வேகம்தான் சிறு தாமதத்துக்கும் பொருள் தருகிறது. எல்லோரும் 0.2ல் பதில் சொல்லும் உலகில் 0.8 விநாடி மிக நீளம். ஆங்கிலத் தொலைபேசி உரையாடல்களில் அழைப்பு, வேண்டுகோள் போன்றவற்றுக்கு வந்த பதில்களை 2015ல் அளந்தபோது, ஏறத்தாழ 0.7 விநாடியைத் தாண்டி வருபவை பெரும்பாலும் இணங்காத பதில்களாக இருந்தன. மனிதர்கள் "ஆம்" என்பதை உடனே சொல்கிறார்கள். "இல்லை" மட்டும் தயங்கித் தயங்கி வருகிறது.

ஓர் உரையாடல், பத்தில் ஒரு பங்கு விநாடியில்

சாக்ஸ், ஷெக்லாஃப் இருவரோடும் பணியாற்றிய கெயில் ஜெஃபர்சன் உரையாடலைக் காகிதத்தில் எழுத ஒரு முறை வகுத்தார். மௌனத்தை விநாடியின் பத்தில் ஒரு பங்குவரை அளந்து, அடைப்புக்குள் எழுதி, அதற்கும் தனி வரி தருவார்கள். விளக்கத்துக்காக நான் அமைத்த ஓர் உரையாடலை அந்த முறையில் எழுதுகிறேன். முருகேசன், செல்வம் இருவரும் நண்பர்கள். முருகேசன் வீடு மாற்றுகிறான்.

1 முருகேசன்: ஞாயித்துக்கெழம வீடு மாத்துறோம் மாப்ள. வந்து ஒரு கை புடிக்க முடியுமா?
2 (0.8)
3 முருகேசன்: வேற வேலை இருந்தா வேணாம்டா.
4 செல்வம்: அய்யோ, அதில்ல மாப்ள. (0.3) ஞாயித்துக்கெழமதான் தங்கச்சிய பொண்ணு பாக்க வராங்க.
5 முருகேசன்: அட, அப்பிடியா! நல்ல விஷயமாச்சே.

இரண்டாம் வரியில் யாரும் பேசவில்லை. ஆனால் அந்த மௌனம் செல்வத்துடையது. முருகேசன் பேசி முடித்துவிட்டான், அடுத்த முறை செல்வத்துக்கு. அளவில் ஒன்றாக இருந்தாலும், கேள்வி கேட்கும் முன் முருகேசன் தயங்கியிருக்கக்கூடிய 0.8 விநாடி வேறு, கேட்டபின் விழுந்த 0.8 வேறு. பின்னதற்கு உரிமையாளர் உண்டு.

மூன்றாம் வரிதான் சான்று. செல்வம் இன்னும் "இல்லை" என்று சொல்லவில்லை. முருகேசனே அந்த இல்லையை அவனுக்காக எடுத்துத் தருகிறான். இன்னும் ஒரு நுட்பம்: இந்த வரி கேள்வியின் திசையைத் திருப்பிவிடுகிறது. "முடியுமா?" என்பதற்கு முடியாது என்பது முரண்பாடு. "வேற வேலை இருந்தா வேணாம்டா" என்பதற்கு, ஆமாம் வேலை இருக்கிறது என்பது உடன்பாடு. செல்வம் மறுக்காமலே மறுக்க வழி செய்தாயிற்று. ஒரு விநாடிகூட ஆகாத மௌனத்தைக் கேட்டு, முருகேசன் தன் வேண்டுகோளைத் தானே பின்வாங்கிக்கொள்கிறான்.

நான்காம் வரியிலும் "வரமாட்டேன்" என்ற சொல் இல்லை. "அய்யோ", "அதில்ல" என்ற முன்னோட்டங்கள், சின்னத் தயக்கம், பிறகு காரணம். மறுப்பு எழும்போது பொதுவாக இந்த வரிசையில்தான் எழும்: தாமதம், முன்னோட்டம், வருத்தம் அல்லது காரணம். கடைசியில் வரவேண்டிய மறுப்பை வாயால் சொல்லத் தேவையே இருப்பதில்லை.

இதை 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் கவனித்திருக்கிறார். நன்னூல் விடைகளை எட்டாகப் பிரிக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் நேரடி விடைகள். மற்ற ஐந்தும் சொல்லளவில் விடைகளாக இல்லை, பொருளால் விடைகள் ஆகின்றன. "ஓடுவாயா?" என்றால் "கால் வலித்தது" என்பது உற்றது உரைத்தல், "கால் வலிக்கும்" என்பது உறுவது கூறல். இரண்டும் "ஓடமாட்டேன்" என்றே பொருள்படும். ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் பெண் பார்க்கும் படலத்தைச் சொன்ன செல்வம், இலக்கணப்படி உறுவது கூறியிருக்கிறான்.

நன்னூலின் பட்டியலில் மௌனம் இல்லை. அது சொற்களின் இலக்கணம், அதனால் இருக்க இடமில்லை. மௌனத்தை அளந்து, வரி எண் கொடுத்து, ஒன்பதாவது விடையாகப் பட்டியலில் சேர்க்க ஒலிப்பதிவுக் கருவி வரவேண்டியிருந்தது.

மௌனம் எப்போது சம்மதம்?

அந்த ஒன்பதாவது விடைக்குச் சொந்தப் பொருள் எதுவும் கிடையாது. அதற்கு முன்னால் நின்ற முதல் பாதியே பொருளைத் தருகிறது. கூப்பிட்டபின் வரும் மௌனம், ஆள் இல்லை அல்லது காதில் விழவில்லை என்பது. வணக்கத்துக்குப் பின் என்றால் கோபம். "நீதானே எடுத்தாய்?" என்பதற்குப் பின் என்றால் குற்றம். வேண்டுகோளுக்குப் பின் என்றால் மறுப்பு.

அப்படியானால் "மௌனம் சம்மதம்" என்ற பழமொழி? அதுவும் சில இடங்களில் சரிதான். சங்கக் கூட்டத்தில் தலைவர் "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்கிறார். அவை அமைதியாக இருக்கிறது. தீர்மானம் நிறைவேறுகிறது. இங்கே எதிர்ப்பவர்தான் எழுந்து பேசவேண்டும் என்று கேள்வியே ஏற்பாடு செய்துவிட்டது. பேசாதவர் எதிர்க்காதவர்.

ஆனால் "மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா?" என்ற கேள்வி அப்படிப்பட்டதல்ல. அதற்கு வாய்விட்ட விடை வேண்டும். முருகேசன் தன் கேள்விக்குப் பின் 0.8 விநாடியை மறுப்பாகக் கேட்டான். அவனைப் போன்றவர்களே, வீட்டுப் பெண்ணின் பத்து விநாடி மௌனத்தைச் சம்மதமாகக் கேட்டார்கள். இரண்டாவது இடத்தில் பழமொழி உதவியது, காது உதவவில்லை. பழமொழி தேவைப்பட்டதே அந்த மௌனம் தானாகச் சம்மதமாக ஒலிக்காததால்தான்.

காது ஏமாறும் இடங்கள்

இந்தக் கூர்மையான காது தவறவும் செய்கிறது. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் பேசினால், குரல் மேலே போய்க் கீழே வர கால் விநாடி ஆகும். கேள்வி போக ஒரு கால், பதில் திரும்ப ஒரு கால். இயல்பான 0.2 விநாடியைக் கூட்டினால் 0.7. மனமார "சரி" என்று உடனே சொன்ன பதில், மறுப்பு தொடங்கும் எல்லையில் வந்து நிற்கிறது. இப்போதைய இணைய அழைப்புகள் பெரும்பாலும் கடலடிக் கம்பிகளில் போனாலும், சிக்னல் மோசமாகும்போது இதே அளவு தாமதம் வந்துவிடுகிறது. அழைப்பில் வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்திச் சோதித்த ஓர் ஆய்வு 2014ல் வெளியானது. அதில் பங்கேற்றவர்கள் தொடர்பைக் குறை சொல்வதற்குப் பதிலாக, எதிர்முனையில் இருந்தவரைக் கவனக்குறைவானவர் என்று மதிப்பிட்டார்கள்.

கொடுமை என்னவென்றால், தாமதம் இரு முனைகளிலும் ஒன்றுபோல் கேட்பதில்லை. துபாயில் இருப்பவர் கேட்டு முடித்து முக்கால் விநாடி காத்திருக்கிறார். தஞ்சாவூரில் இருப்பவரின் காதிலோ கேள்வி முடிந்த உடனே தன் பதில் போயிருக்கிறது. ஒரே அழைப்பை இரு முனைகளிலும் பதிவு செய்தால் இரண்டு வெவ்வேறு உரையாடல்கள் கிடைக்கும். இரண்டிலும் மந்தமானவர் மற்றவர்.

எது தொடர்பின் மௌனம், எது மனதின் மௌனம் என்று அறிய ஒரு வழி உண்டு. தொடர்பு பழுதென்றால் எல்லாமே தாமதமாகும், "சாப்டாச்சா?" என்பதற்கான "ஆச்சு" உட்பட. மழை, சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றுக்கும் சட்டென்று பதில் வந்து, "அந்தப் பணம்..." என்றதும் மட்டும் இடைவெளி விழுந்தால் குற்றம் செயற்கைக்கோளுடையதல்ல.

இரண்டாவது ஏமாற்றம் இதைவிட ஆபத்தானது. எல்லாச் சமூகங்களும் ஒரே கடிகாரத்தில் பேசுவதில்லை. மொழியியலாளர் டயானா ஈட்ஸ் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநில வழக்கறிஞர்களுக்காக 1992ல் ஒரு கையேடு எழுதினார். அங்குள்ள பழங்குடி மக்கள் பலரின் பேச்சு மரபில், கேள்விக்குப் பின் சற்று நேரம் சும்மா இருப்பது இயல்பு. யோசிக்கிறார், பேச இன்னும் வேளை வரவில்லை என்று பொருள். வெள்ளையர் மரபில் வளர்ந்த வழக்கறிஞரின் காதில் அதே மௌனம் மழுப்பலாகவோ பொய்யாகவோ விழுகிறது. பொறுமையின்றி அடுத்த கேள்வியைப் போடுகிறார், வரவிருந்த பதில் வராமலே போகிறது. முருகேசன் தவறாகக் கேட்டிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும். கூண்டில் நிற்பவருக்குப் போவது அதைவிடப் பெரிது.

பதில் வராததையே பதிலாகக் கொண்டு மகிழும் ஓர் இடமும் உண்டு. கதை சொல்லும் பாட்டி முதலிலேயே "ம் கொட்டணும், சரியா?" என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வாள். ஒரு ஊர்ல ஒரு ராஜா. ம். ராஜாவுக்கு ஏழு பொண்ணு. ம். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு முதல் பாதி. மூன்றாம் பெண்ணின் கதைக்குள் வரும்போது "ம்" மெலியும், இடைவெளி நீளும். பாட்டி குரலைத் தாழ்த்தி இன்னும் ஒரு வாக்கியம் சொல்லிப் பார்ப்பாள். பதில் வராது. போர்வையை இழுத்துவிட்டு, கதையைப் பாதியில் வைத்து எழுந்து போவாள்.